புதுப் பக்கத்துக்கு முதல் முப்பது நாள்

ஆனைமலையில் செக்கு எண்ணெய்க்கு ஃபேஸ்புக் பக்கம் தொடங்குபவர், முப்பது நாள் பதிவுகளையும் முதல் நாளே நேரம் குறித்து அடுக்கிவிடக் கூடாது. பின்தொடர்பவரே இல்லாததால், எந்த நேரம் எடுபடும் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் கணக்கு எதுவும் இருக்காது. யாரையும் அழைக்குமுன் விலை, அளவு, கடை இடம், பார்சல் விவரம், கொப்பரையை உடைத்து உட்புறம் காட்டும் படம் என ஐந்தாறு பதிவுகள் போதும். வருபவர் காலிப் பக்கத்தைப் பார்த்துத் திரும்பமாட்டார். பிறகு வாரம் மூன்று பதிவு, காலை ஏழு, இரவு எட்டு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும் அமாவாசைக்கு, கடை திறந்திருக்கும் நேரத்தை முந்தின நாளே போட்டுவிடலாம்.

தினமும் போட்டால்தானே பக்கம் பரவும் என்பார்கள். ஆனால் கொப்பரை காயவே பல நாளாகும். காட்ட ஒன்றுமில்லாத நாளில் வாழ்த்துப் படம்தான் வரும், அதைப் பார்த்து யாரும் விலை கேட்பதில்லை. சொந்தக்காரர் போடும் லைக்கும் ஏமாற்றும். பதினைந்தாம் நாள், விலை கேட்டு வந்த மெசேஜ்களை மட்டும் எண்ணுங்கள். அவற்றைக் கொண்டுவந்த பதிவு வகையை வைத்தே மீதி நாள்களை வாரவாரமாகக் குறியுங்கள். பத்துப் பன்னிரண்டு பதிவில் நேரத்தைப் பற்றி உறுதியான முடிவு கிடைக்காது, எதைக் கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.