10 ரூபாய் ஃபைன் வேண்டாம், தங்கச்சி!

ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை ஆகியிருக்கிறாய். பிள்ளைகளோடு சேர்ந்து வகுப்பு விதிகளை எழுதி சார்ட்டில் ஒட்டப்போவதாகச் சொன்னாய். விதிகளை எழுதுவது சுலபம்மா. பிள்ளைகள் ஒரே பீரியடில் இருபது விதி சொல்லிவிடுவார்கள். ‘மீறினால் என்ன?’ என்ற பக்கத்தை எழுதும்போதுதான் பெரும்பாலான சார்ட்டுகள் கெட்டுப்போகின்றன. அதனால் விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்துக்கே வருகிறேன்.

பள்ளி திறந்த முதல் நாளே இதற்கு உட்காராதே. யார் யாரோடு சேருகிறார்கள், எந்த நேரத்தில் சத்தம் கிளம்புகிறது என்று ஒரு வாரம் கவனி. இரண்டாவது வாரத்தில் மூன்று பீரியடை இதற்கென்று எடுத்துக்கொள். மூன்றையும் ஒரே நாளில் வைக்காமல் நாளுக்கு ஒன்றாக வை. பிள்ளைகள் இடையில் பேசிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

முதல் பீரியடில் ‘என்ன விதி வேண்டும்?’ என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் ‘டீச்சர் சொல்வதைக் கேட்க வேண்டும், அமைதியாக இருக்க வேண்டும்’ என்று உனக்குப் பிடித்ததைத்தான் ஒப்பிப்பார்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடு. பெயர் எழுத வேண்டாம். ‘இந்த வகுப்பில் நீ படிக்க எது இடைஞ்சலாக இருக்கிறது?’ என்ற ஒரே கேள்விதான். எழுதத் தடுமாறும் பிள்ளை படம் வரையலாம், உன்னிடம் தனியாகச் சொல்லவும் செய்யலாம். வரும் சீட்டுகளில், பின்வரிசைக்குக் கேட்கவில்லை, பேனாவைக் கேட்காமல் எடுக்கிறார்கள், தப்பாகப் பதில் சொன்னால் சிரிக்கிறார்கள், பட்டப்பெயர் வைக்கிறார்கள் என்றெல்லாம் இருக்கும். உன்னைப் பற்றியும் ஒன்றிரண்டு வரும். அவற்றை ஒதுக்கி வைக்காதே. பின்னால் தேவைப்படும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. சாதியைச் சொல்லித் திட்டுவது, அடி, உடம்பைத் தொடுவது பற்றி ஏதாவது சீட்டில் வந்தால் அதைக் கரும்பலகைக்குக் கொண்டுபோகாதே. வகுப்பு கைதூக்கி முடிவு செய்யும் விஷயம் இல்லை அது. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் போக வேண்டும், தேவைப்பட்டால் 1098-க்கும். விதிப் பட்டியலின் கீழே ‘இவை எங்கள் விதிகளுக்கு அப்பாற்பட்டவை. நேராகப் பெரியவர்களிடம் போகும்’ என்று ஒரு வரி எழுதிவிடு, போதும்.

இரண்டாவது பீரியடில் சீட்டுகளை வகை பிரித்து ஐந்து விதிகளாகச் சுருக்கு. அதற்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது. ‘மரியாதையாக நடப்போம்’ மாதிரி ஏதாவது வந்தால், “நான் வாசல்ல நின்னு பார்த்தா, மரியாதையா இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேள். “ஒருத்தர் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே பேச மாட்டோம் மிஸ்” என்பார்கள். அதுதான் விதி. கண்ணால் பார்க்க முடியாததை விதியாக வைத்தால், பின்னால் ‘நான் மரியாதையாத்தான் இருந்தேன்’ என்ற வழக்கு ஓயவே ஓயாது.

மூன்றாவது பீரியடில்தான் நீ அதிர்ச்சி அடையப்போகிறாய். “இதை மீறினா என்ன செய்யலாம்?” என்று கேட்டதும் பிள்ளைகள் சொல்வது இப்படித்தான் இருக்கும்: “10 ரூபா ஃபைன் மிஸ்.” “50 தோப்புக்கரணம்.” “வெளிய நிக்க வைங்க.” “100 தடவை இம்போசிஷன்.” நம்மைவிடப் பிள்ளைகள்தான் கடுமையான நீதிபதிகள். அவர்கள் பார்த்து வளர்ந்தது அதைத்தானே? இதையெல்லாம் ‘பிள்ளைகளே சொன்னது’ என்று அப்படியே சார்ட்டில் ஏற்றினால் பொறுப்பு உன்னுடையது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. வகுப்பே ஓட்டுப் போட்டாலும் அது மாறாது.

அதற்காக “அதெல்லாம் கூடாது” என்று உடனே வெட்டிவிடாதே. எல்லாவற்றையும் பலகையில் எழுது. பிறகு ஒவ்வொரு விதிக்கும் மூன்று கேள்வி கேள். இந்த விதி மீறப்பட்டதால் என்ன கெட்டது? யாருக்கு நஷ்டம்? மீறியவர் அதை எப்படிச் சரிசெய்யலாம்? வியன்னாவில் பிறந்து சிகாகோவில் வேலை செய்த ருடால்ஃப் டிரைக்கர்ஸ் என்ற மனநல மருத்துவர் தண்டனையையும் விளைவையும் பிரித்துக் காட்டியது இந்த இடத்தில்தான். செய்த காரியத்தோடு தொடர்பு இருந்தால்தான் அது விளைவு. தொடர்பு இல்லாவிட்டால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தண்டனைதான்.

குறுக்கே பேசும் விதியை எடுத்துக்கொள். பலகையில் ‘10 ரூபாய் ஃபைன்’ என்று இருக்கிறது. “என்ன கெட்டுச்சு?” என்று கேள். கணக்கு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் நின்றுவிட்டாள். “யாருக்கு நஷ்டம்?” அவளுக்கும், பின்வரிசைக்கும். “10 ரூபா கொடுத்தா அந்தக் கணக்கு பின்வரிசைக்குக் கேட்டுடுமா?” இங்கே வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். யாராவது ஒருவன், “மறுபடி முதல்லேருந்து சொல்லச் சொல்லலாம் மிஸ்” என்பான். அங்கிருந்து பிடித்துக்கொள். ‘குறுக்கே பேசியவர், பேசிக்கொண்டிருந்தவரை மறுபடி சொல்லும்படி கேட்டு, முழுவதும் கேட்பார். அதே பீரியடில் இரண்டாவது முறை நடந்தால், மணி அடிக்கும் வரை முன்வரிசைக்கு இடம் மாறுவார்.’ முடிந்தது. விளைவு அந்தப் பீரியடோடு முடிகிறது. அடுத்த பீரியடில் அவன் பழைய இடத்தில் உட்காருவான். மறுநாள் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

காசு, சாப்பாட்டு நேரம், விளையாட்டுப் பீரியட் இந்த மூன்றையும் எந்த விளைவிலும் தொடாதே. காசு வீட்டிலிருந்து வர வேண்டும். அம்மாவின் கூலியிலிருந்து போகும் 10 ரூபாயும் வசதியான வீட்டுப் பிள்ளையின் 10 ரூபாயும் ஒன்றல்ல. விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கினால், உட்கார முடியாமல் நெளியும் பிள்ளைதான் முதலில் மாட்டுவான். அவனுக்குத்தான் ஓட வேண்டிய தேவை அதிகம்.

பெருக்கச் சொல்வது இருக்கிறதே, அதில் இன்னும் கவனம் வேண்டும். பென்சில் சீவிய தூளைக் கீழே போட்டவன் அந்தத் தூளை எடுப்பது சரியான விளைவு. போட்டது அவன், எடுப்பதும் அவன். ஆனால் குறுக்கே பேசியதற்கு வகுப்பைப் பெருக்கு, தாமதமாக வந்ததற்குக் கழிவறையைக் கழுவு என்றால் அது விளைவே இல்லை. நம் ஊரில் துடைப்பத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதற்குப் பின்னால் சாதி நிற்கிறது. பெண் பிள்ளை என்பதும் நிற்கிறது. வகுப்பைச் சுத்தம் செய்வது எல்லோருக்கும் முறைவைத்து வரும் வேலையாக இருக்கட்டும். அதைத் தண்டனையாக்கினால் வேலையும் கேவலமாகிவிடும், செய்யும் பிள்ளையும் கேவலப்படுவாள்.

தாமதமாக வருவதற்கு விளைவு எழுதும்போது சிக்கல் வரும். மூன்று கேள்வியைக் கேட்டுப் பார். என்ன கெட்டது? கதவு திறக்கும்போது எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், பாடம் நிற்கிறது. வந்த பிள்ளைக்கும் பத்து நிமிடப் பாடம் போய்விட்டது. ஆனால் பஸ் வராததற்கும், காலையில் தண்ணீர் பிடிக்க நின்றதற்கும் அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? இங்கே விளைவை இரண்டாகப் பிரி. பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் வந்து உட்கார வேண்டும், விட்டுப்போனதைப் பக்கத்தில் இருப்பவரின் நோட்டைப் பார்த்து மாலைக்குள் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் தாமதம் என்ற கேள்வியை எல்லோர் முன்னாலும் கேட்காமல், நீ தனியாகக் கேள். எவ்வளவு யோசித்தும் தொடர்புள்ள விளைவு ஒரு விதிக்குக் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் அந்த விதியால் யாருக்கும் பயன் இல்லை என்று அர்த்தம். ‘கையைக் கட்டி உட்கார வேண்டும்’ என்ற விதிக்கு முயன்று பாரேன். என்ன கெட்டது என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

இப்போது, ஒதுக்க வேண்டாம் என்று சொன்னேனே, உன்னைப் பற்றிய சீட்டுகள், அவற்றை எடு. ‘மிஸ் பி.டி. பீரியடை எடுத்துக்கிறாங்க’ என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அதையும் அந்த ஐந்தில் ஒரு விதியாக்கு: ‘ஆசிரியர் விளையாட்டுப் பீரியடை எடுக்க மாட்டார். எடுத்தால், அதே வாரத்தில் தன் பாடவேளையிலிருந்து அத்தனை நிமிடத்தைத் திருப்பித் தருவார்.’ போலந்து நாட்டு வார்சாவில் 1912-இல் தொடங்கிய அநாதை இல்லத்தை நடத்திய யானுஸ் கோர்ச்சாக், குழந்தைகளே நீதிபதிகளாக உட்காரும் மன்றம் ஒன்றை வைத்திருந்தார். அதன் சட்டத் தொகுப்பில் முதல் 99 பிரிவுகளிலும் தண்டனை கிடையாது. அந்த மன்றத்தின் முன் தானும் நின்றிருக்கிறார். நீ மன்றமெல்லாம் வைக்க வேண்டாம். நிமிடத்தைத் திருப்பிக் கொடு, போதும். நீ கொடுப்பதைப் பார்த்த பிறகு மற்ற நான்கு விதிகளுக்கும் நீ தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்காது.

சார்ட்டில் இரண்டு பத்தி: இடப்பக்கம் விதி, வலப்பக்கம் அதை மீறினால் எப்படிச் சரிசெய்வோம் என்பது. பிள்ளைகள் கையெழுத்திலேயே இருக்கட்டும். எழுத்துப்பிழையை மட்டும் பென்சிலில் திருத்திக் கொடு. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், நீயும்தான். யாராவது ‘எனக்கு இந்த விதி பிடிக்கலை’ என்றால் வற்புறுத்தாதே. அவன் சொல்லும் காரணத்தைக் கேள், வாசகத்தை மாற்ற முடிந்தால் மாற்று.

அப்புறம் வகுப்பு லீடர். பலகையில் ‘பேசுபவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதும் வழக்கத்தை இந்த சார்ட் ஒட்டும் நாளிலேயே நிறுத்திவிடு. இரண்டும் சேர்ந்து இருந்தால் உன் ஐந்து விதியும் லீடர் கையில் பிரம்பாகிவிடும். நண்பன் பெயர் விட்டுப்போகும், பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி கூடிக்கொண்டே போகும். நினைவூட்டுவது யார் வேண்டுமானாலும் செய்யலாம், சார்ட்டில் அந்த வரியைக் கைகாட்டினால் போதும். விளைவைச் சொல்வது உன் வேலை. அதையும் பக்கத்தில் போய், மெதுவான குரலில், இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாமல் சொல். சொற்பொழிவு ஆற்றினால் அது இன்னொரு தண்டனை.

இரண்டு வாரம் கழித்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி சார்ட்டைத் திரும்பப் பார். ஒரு விதியை ஒரே பிள்ளை மீறிக்கொண்டிருந்தால் அவனோடு தனியாகப் பேசு. எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில் நடக்கிறது என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். பலகை தெரியாமல்கூடப் பேசிக்கொண்டிருப்பான். ஒரே விதியைப் பாதி வகுப்பு மீறினால் பிள்ளைகளைச் சந்தேகப்படாதே, அறையைச் சந்தேகப்படு. பென்சில் சீவும் சாக்கில் ஏழெட்டுப் பேர் எழுந்து நிற்கிறார்களா? குப்பைத்தொட்டி ஒரே மூலையில் இருக்கும். இன்னொரு அட்டைப்பெட்டியை எதிர் மூலையில் வைத்தால் அந்த விதியே தேவைப்படாமல் போகும். அப்படிப் போன விதியை சார்ட்டில் பிள்ளைகளை விட்டே அடிக்கச் சொல்.

காலாண்டு விடுமுறை முடிந்து வரும்போது பழைய சார்ட் ஓரம் கிழிந்து, சுவரோடு சுவராகிப் போயிருக்கும். அதையே செலோடேப் போட்டு ஒட்டாதே. புது சார்ட் வாங்கி, மறுபடி சீட்டுக் கொடுத்து ஒரு பீரியட் உட்கார். இந்த முறை ஒரு பீரியடே தாராளம். இடையில் சேர்ந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் முதல் சீட்டை அவர்களிடம் கொடு.