பாடசாலையில் பிள்ளைக்கு அடிபட்டால் அதிபருக்கு என்ன எழுதுவது?

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் தாய்க்கு, "பிள்ளை விழுந்துட்டான்" என்று யாராவது ஓடிவந்து சொல்வார்கள். மறுநாள் பாடசாலைக்குப் போய்க் கேட்டாலும் அதே பதில்தான். பேச்சோடு விட்டுவிட்டால், ஒரு மாதத்தில் ஆளுக்கொரு கதையாகிவிடும். ஆகவே அந்த வாரத்திலேயே கடிதம் கொடுங்கள்.

ஹட்டன் பக்கம் தரம் 5 படிக்கும் ஒரு பையனுக்கு இடைவேளையில் கை முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு, கடந்த செவ்வாய்க்கிழமை பாடசாலையில் என் மகனின் இடது கை முறிந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுகிறார். இது எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நடந்தது, அப்போது கடமையில் இருந்த ஆசிரியர் யார், என்ன முதலுதவி செய்யப்பட்டது, எனக்கு எத்தனை மணிக்கு அறிவிக்கப்பட்டது என்பவற்றை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் உள்ள பதிவின் பிரதியும் வேண்டும்."

இதில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. "உங்கள் கவனயீனம்" என்று எழுதினால் அதிபர் தற்காப்புக்குப் போய்விடுவார், நடந்தது வெளிவராது. நேரத்தைக் கேட்பதுதான் முக்கியம். அவர் தரும் நேரத்தை ஆஸ்பத்திரியில் பதிந்த நேரத்தோடு ஒப்பிட்டால், பிள்ளை எவ்வளவு நேரம் வலியோடு உட்கார்ந்திருந்தது என்பது தெரிந்துவிடும்.

கடிதத்தில் இரண்டு பிரதி எடுங்கள். உங்கள் பிரதியில் திகதியும் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கப் பாடசாலை பதில் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதே கேள்விகளை வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே அனுப்புங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

ஆசிரியர் அடித்ததால் வந்த காயம் என்றால் நிலைமை வேறு. பிள்ளை சொல்வதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். அது பதிவாக வேண்டும். பொலிஸிலும் முறையிடுங்கள், 1929க்கு அழைத்துச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் அறிவியுங்கள். ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட தென்னிலங்கை மாணவன் ஒருவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஆசிரியர் 150,000 ரூபாயும் அரசு 500,000 ரூபாயும் கொடுக்க உத்தரவிட்டது. அது அடிப்படை உரிமை மீறல் வழக்கு. அப்படிப்பட்ட வழக்கைச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் கணக்கில் சேராது. "விசாரித்துச் சொல்கிறோம்" என்று பாடசாலை இழுத்தடித்தாலும், இந்தத் திகதியைத் தவற விடாதீர்கள்.