250 கோழியின் கணக்கு

அன்புள்ள தம்பி,

கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே 250 நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். கோழி வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், தாராளமாக வளர்க்கலாம். ஆனால் அந்த 250 கோழி உன் சம்பளத்தின் இடத்தை நிரப்பாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். நீ குஞ்சு விலையையும் விற்பனை விலையையும் மட்டும் எழுதியிருக்கிறாய். லாபத்தைத் தீர்மானிப்பதோ இடையில் கோழி தின்னும் தீவனம்.

கணக்குக்காக நடுத்தர விலைகளை எடுத்துக்கொள்கிறேன். உன் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பார்த்துக்கொள். ஒருநாள் குஞ்சு ₹40 வீதம் 250 குஞ்சுக்கு ₹10,000. பண்ணையில் வளர்க்கும் கலப்பின நாட்டுக்கோழி 12 வாரத்தில் ஏறக்குறைய 4 கிலோ தீவனம் தின்று 1.3 கிலோ எடைக்கு வரும். செத்துப்போகும் கோழி தின்றதையும் கீழே சிந்துவதையும் சேர்த்தால் ஒரு பேட்சுக்கு 950 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 19 மூட்டை ஆகும். கிலோ ₹38 என்றால் ₹36,100. தடுப்பூசி, மருந்துக்கு ₹2,000, கரண்டுக்கும் உமிக்கும் ₹3,000. ஆக மொத்தம் ₹51,100. இதில் பத்தில் ஏழு பங்கு தீவனத்துக்கே போகிறது. நூற்றுக்குப் பத்து இழப்பு என்றால் 225 கோழி, சுமார் 292 கிலோ விற்பனைக்கு நிற்கும். உன் கூலியைச் சேர்க்காமலேயே ஒரு கிலோ உயிர் எடைக்கு அடக்கவிலை ₹175.

வியாபாரி ₹200க்கு மொத்தமாகப் பிடித்துக்கொண்டு போனால் கையில் நிற்பது ஏறக்குறைய ₹7,400. வளர்க்க 12 வாரம், கொட்டகையைச் சுத்தம் செய்து காயவிட 2 வாரம் என்று பிரித்தால் மாதம் ₹2,300 கூட வராது. பாதியை நீயே ஊருக்குள் ₹280 வீதம் விற்றால் மிச்சம் ₹19,100 ஆகும், மாதத்துக்கு ₹5,900 அளவில். கொட்டகைக்கு ஒன்றரை லட்சம் செலவழித்து அது பத்து ஆண்டு உழைக்கும் என்று வைத்தாலும், மாதம் ₹1,250 அதற்காகக் கழிக்க வேண்டும். அரசின் 50 விழுக்காடு மானியம் கிடைத்தால் இந்தக் கடைசிச் செலவு குறையும், தீவனச் செலவோ முதல் சில மாதத்துக்குப் பிறகு குறையாது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் மாதம் ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை என்பதுதான் நம்பத்தக்க வருமானம். வேலையோடு சேர்த்துப் பார்த்தால் நல்ல பணம், வேலையை விட்டுப் பார்த்தால் போதாது.

மேய்ச்சலுக்கு விட்டு, அசோலா போட்டு, கரையான் பிடித்துக் கொடுத்தால் தீவனம் பாதியாகக் குறையுமே என்று கேட்பாய். வீட்டைச் சுற்றி மேயும் இருபது முப்பது கோழிக்கு அது பொருந்தும். 250 கோழியை விட்டால் சில வாரத்தில் அந்த இடம் வெறும் மண்ணாகிவிடும். அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ போட்டால் கோழிக்குச் சேரும் சத்துப்பொருள் ஒரு கைப்பிடிதான். கொடு, ஆனால் மூட்டை எண்ணிக்கையை அது பாதியாக்கும் என்று கணக்கு எழுதாதே. தீவனம் உண்மையில் மிச்சமாவது சிந்தாமல் தடுப்பதில். தீவனத் தட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதே, தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்கட்டும், கோழி வளர வளரத் தட்டையும் உயர்த்து. நூற்றுக்கு ஐந்து சிந்தினாலே ஒரு மூட்டை போய்விடும். வியாபாரிக்கு விற்கும் லாபத்தில் அது கால் பங்கு. எலி தின்பது இதில் சேராது.

இழப்பையும் எண்ணிக்கையாக மட்டும் பார்க்காதே, எந்த வயதில் போகிறது என்று பார். முதல் வாரத்தில் சாகும் குஞ்சு அதிகம் தின்றிருக்காது. எட்டாம் வாரத்தில் சாகும் கோழி 2 கிலோ தீவனத்தைத் தின்றுவிட்டுப் போகும். ஒரு வெள்ளைக்கழிச்சலில் எட்டாம் வாரம் கூடுதலாக 25 கோழி போனால், விற்பனையில் ₹6,500 குறையும், மிச்சத் தீவனத்தில் ₹1,900தான் தேறும். ₹7,400 லாபம் ₹2,800 ஆகிவிடும். அதனால்தான் ஏழாம் நாள் லசோட்டா கண்சொட்டு, பதினான்காம் நாள் கம்போரோ, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் வெள்ளைக்கழிச்சல் ஊசி என்பதில் ஒன்றைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மருந்தை ஐஸ் வைத்த பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும்போது குளோரின் போட்ட தண்ணீர் ஆகாது. போட்டும் நோய் வந்தது என்று சொல்பவர்கள் பலரிடம் மருந்து சூட்டிலோ குளோரினிலோ ஏற்கெனவே செத்திருக்கும்.

முதல் மூன்று வாரக் குஞ்சுகளுக்கு வெப்பம் சரியா என்று தெரிய தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளே நல்ல அளவுகோல். பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது. பரவலாகப் படுத்திருந்தால் சரி. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எச்சத்தில் ரத்தம் கண்டால் ரத்தக்கழிச்சல். உமி ஈரமாகியிருக்கும், முதலில் ஒழுகும் தண்ணீர்க் குவளையைத் தேடு. வாரம் ஒருமுறை 20 கோழியை நிறுத்து, வைத்த தீவனத்தோடு எழுது. எட்டாம் வாரத்தில் எடை 700 கிராமுக்கு வெகுவாகக் குறைந்து, தீவனம் தலைக்கு இரண்டேகால் கிலோவைத் தாண்டியிருந்தால் எங்கோ சிந்துகிறது, அல்லது குடற்புழு.

ஆயிரம் கோழி வைத்தால் வருமானமும் நான்கு மடங்காகாதா என்பது உன் அடுத்த கேள்வியாக இருக்கும். ஆகாது. ஊருக்குள் ₹280க்கு வாங்கும் வீடுகள் நான்கு மடங்காகப் பெருகாது. கூடுதலாக வளர்ப்பதெல்லாம் வியாபாரியின் ₹200க்குத்தான் போகும், நோய் வந்தால் இழப்பு மட்டும் ஆயிரத்துக்கு உரியதாக இருக்கும். ஆகவே முதல் பேட்சிலேயே உன்னிடம் எத்தனை வீடு வாங்கும் என்று எண்ணிப் பார், அதன் பிறகு கொட்டகையின் நீளத்தை முடிவு செய். விலை ஏறும் என்று வளர்ந்த கோழியை வைத்துக் காத்திருக்காதே. 12 வாரத்துக்குப் பின் 225 கோழி வாரத்துக்கு ₹4,800க்குத் தின்னும், சேரும் எடையோ வியாபாரி விலையில் ₹4,500தான்.

விற்கும் மாதத்தைப் பார்த்துத்தான் குஞ்சு விட வேண்டும். ஆனியில் விட்டால் புரட்டாசியில் கோழி நிற்கும், அப்போது பாதி ஊர் கறி தொடாது. ஆடி நடுவில் விட்டால் ஐப்பசியில், தீபாவளிக்குச் சரியாக வரும். முட்டை பொரிய 21 நாள் ஆகும், நல்ல பொரிப்பகத்தில் முன்பதிவும் நிறைய இருக்கும். ஆடிக்குக் குஞ்சு வேண்டுமென்றால் வைகாசிக் கடைசியிலேயே பணம் கட்டிவிடு.

அன்புடன்,
உன் பெரியப்பா