நாம் போகலாமா? நாங்கள் போகலாமா?

ஆனி மாதம் பிறந்தால் தென்காசி வட்டாரத்தில் சாரல் தொடங்கிவிடும். குற்றாலத்து அருவிகளில் நீர் பெருகும். அச்சன்புதூரில் பள்ளி முடிந்து வீடு திரும்பும் மாணவியர் இருவரின் பேச்சும் அருவியைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒருத்தி சொல்கிறாள்: “நாளைக்குக் காலைல ஐந்தருவிக்குப் போறோம். ஏழு மணிக்குக் கிளம்பணும்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாற்றுடையுடன் பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்கிறாள் தோழி. சொன்னவளோ தன் சித்தி குடும்பத்தாருடன் வேனில் புறப்பட்டுப் போய்விட்டாள். திங்கட்கிழமை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ‘அழைத்துவிட்டு ஏமாற்றினாள்’ என்பது ஒருத்தியின் எண்ணம். ‘நான் அழைக்கவே இல்லையே’ என்பது மற்றவளின் எண்ணம். இருவர் கூற்றும் உண்மையே. பிழை எங்கே நிகழ்ந்தது?

தமிழில் தன்மைப் பன்மைப் பெயர் இருவகைப்படும். பேசுபவர் கேட்பவரையும் தம்முடன் சேர்த்துக்கொண்டு கூறுவது ‘நாம்’. இது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. கேட்பவரை விலக்கித் தம்மையும் தம்மைச் சேர்ந்த பிறரையும் கூறுவது ‘நாங்கள்’. இது உளப்படுத்தாத் தன்மைப் பன்மை. பேச்சு வழக்கில் இவை ‘நாம’, ‘நாங்க’ என வழங்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ என்னும் ஒரே சொல்தான். கேட்பவர் அதில் அடங்குவாரா என்பதைச் சூழலைக்கொண்டே அறிய வேண்டும். குற்றாலத்துக்கு வரும் மலையாளிகளின் மொழியில், தமிழைப் போலவே, ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என இரு சொற்கள் உண்டு.

அவ்வாறாயின் தமிழில் பேசிய தோழியர் ஏன் இடறினர்? மாணவி ‘போறோம்’ என்று மட்டுமே சொன்னாள், எழுவாயைச் சொல்லவில்லை. ‘நாம் போகிறோம்’, ‘நாங்கள் போகிறோம்’ என்னும் இரண்டிலும் வினைமுற்று ஒன்றே. சொன்னவள் மனத்தில் ‘நாங்கள்’ இருந்தது. கேட்டவள் ‘நாம்’ எனக் கொண்டாள்.

பழந்தமிழில் இந்த வேறுபாட்டை வினைமுற்றின் விகுதியே காட்டியது. அம், ஆம் என்னும் விகுதிகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்னும் விகுதிகள் படர்க்கையாரையும் பேசுபவரோடு சேர்க்கும் என்கிறது நன்னூல். அதன்படி ‘உண்டாம்’ என்றால் கேட்பவரும் உடன் உண்டார். ‘உண்டேம்’, ‘உண்டோம்’ என்றால் அவர் உண்ணவில்லை. இன்று ஓம் விகுதி இரு பொருளுக்கும் பொதுவாகிவிட்டது. ஆகவே வேறுபாட்டைக் காட்டும் பொறுப்பு முழுவதும் பெயர்ச்சொல்லைச் சார்ந்துள்ளது. பெயரை விட்டால் பொருளும் ஐயத்துக்கு இடமாகும்.

பெயரைச் சேர்த்துச் சொல்லும்போது வாக்கியத்தின் நோக்கமே மாறுவதைக் காணலாம். “நாம் ஐந்தருவிக்குப் போகலாமா?” என்று தோழியிடம் கேட்டால் அது அழைப்பு. “நாங்கள் ஐந்தருவிக்குப் போகலாமா?” என்று தாயிடம் கேட்டால் அது இசைவு வேண்டுதல். தோழியை அழைக்க விரும்பி ‘நாங்கள் போகலாமா?’ என்று கேட்டால், “போங்களேன், என்னை ஏன் கேட்கிறாய்?” என்பதே விடையாக வரும்.

அழைப்பில் எப்போதும் ‘நாம்’ தான் வரும் என்று கொள்ளுதலும் தவறு. முன்பே திட்டமிட்ட குழுவுக்குள் புதிதாக ஒருவரை அழைக்கும்போது, அவர் இசையும்வரை குழுவுக்கு வெளியே இருக்கிறார். ஆதலால் “நாங்கள் நாளை ஐந்தருவிக்குப் போகிறோம், நீயும் எங்களுடன் வருகிறாயா?” என்பதே பொருத்தம். அவள் இசைந்தபின், “அப்படியானால் நாம் ஏழு மணிக்குக் கிளம்புவோம்” என்று சொல் மாறுகிறது. எங்கள் என்பது நம் ஆகும் அந்த இடத்தில் அழைப்பு நிறைவேறுகிறது. “உன் தங்கையும் நம்முடன் வரட்டும்” என்று மூன்றாமவரைப் பற்றி இனித் தயக்கமின்றிக் கூறலாம்.

உறவும் உபசாரமும் குறித்துச் சில வழக்குகள் உண்டு. உடன்பிறந்தவரிடம் தாயைப் பற்றிப் பேசும்போது ‘நம் அம்மா’ என்பதே இயல்பு. ‘எங்கள் அம்மா’ என்றால் கேட்பவரைப் பிள்ளை அல்லர் என விலக்கியதாகும். விருந்தினரிடம் “நம்ம வீட்டுக்கு வாங்க” என்பர். வீடு அவருடையது அன்று. உரிமை தந்து அழைக்கும் அன்பு அது. ஆனால் பயணம், நேரம், வேனில் இடம் போன்றவற்றைப் பேசுகையில் இத்தகைய நெகிழ்வு குழப்பம் தரும்.

அந்த மாணவி, “நாங்க சித்தி வீட்டோட ஐந்தருவிக்குப் போறோம்” என்று ‘நாங்க’ என்னும் சொல்லைச் சேர்த்திருந்தால், தோழி பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்திருக்க மாட்டாள்.

கற்பவை கற்றபின்

1. “இன்று மாலை பந்து விளையாடப் போகிறோம்.” இத்தொடர் (அ) அழைப்பாகவும் (ஆ) செய்தியாகவும் அமையுமாறு உரிய பெயரைச் சேர்த்து எழுதுக.

2. உங்கள் வகுப்பினர் அடுத்த வகுப்பு மாணவர் ஒருவரைக் குற்றாலச் சுற்றுலாவுக்கு அழைக்கின்றனர். அவர் இசைவதற்கு முன்னும் பின்னும் நிகழும் உரையாடலை எழுதி, ‘எங்கள்’ என்பது ‘நம்’ ஆகும் இடத்தைச் சுட்டுக.