ஒரே ஆலையில் மூன்று விண்ணப்பங்கள்

கேள்வி: இயந்திரவியல் டிப்ளமோ முடித்தவர் ஒரே கார் ஆலையில் தரப் பரிசோதனை, உற்பத்தி, மனிதவளம் என மூன்று பணிகளுக்கு விண்ணப்பித்தால், குறிக்கோள் இல்லாதவராகத் தெரியுமா?
- ஒரு வாசகர், காஞ்சிபுரம்

பதில்: காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் தயாரிக்கிறது, ஒரகடம் வரை உதிரிபாக ஆலைகளும் பெருகிவிட்டன. இத்தகைய பெரிய ஆலைகளின் ஆட்தேர்வு மென்பொருள், பொதுவாக மின்னஞ்சலையோ கைபேசி எண்ணையோ வைத்து ஒருவரின் எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாகக் காட்டிவிடும். வேறு மின்னஞ்சலில் அனுப்பி மறைக்கப் பார்ப்பது வீண். அகப்பட்டால் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

எண்ணிக்கையைவிட, பணிகளுக்குள் உள்ள உறவே எடைபோடப்படுகிறது. வரைபடம் படிப்பதும் வெர்னியர் பிடித்து அளப்பதும் தரப் பரிசோதனைக்கும் உற்பத்திக்கும் பொது. எனவே இரண்டுக்கும் விண்ணப்பிப்பது இயல்பாகவே தெரியும். மனிதவளப் பணிக்குப் பெரும்பாலும் மேலாண்மையோ சமூகப்பணியோ படித்தவரைத் தேடுவார்கள், அதை விட்டுவிடலாம்.

ரெஸ்யூமேயின் தொடக்க வரிகள் பணிக்கேற்ப மாறலாம். தேதிகளும் பதவிப் பெயர்களும் மாறக்கூடாது. மாறினால், இரண்டு ரெஸ்யூமேக்களையும் அருகருகே திறக்கும் அதிகாரியின் கண்ணில் அந்த முரண் உடனே படும். நேர்காணலில் ‘இரண்டில் எது?’ என்று கேட்கும்போது ‘எதுவானாலும் சரி’ என்பதுதான் காரியத்தைக் கெடுக்கும் பதில். தரப் பரிசோதனையே முதல் விருப்பம் என்று சொல்லி, பயிற்சிக் காலத்தில் எந்த உதிரிபாகத்தை எதைக் கொண்டு அளந்தார் என்பதையும் விளக்கினால், உற்பத்தி அடுத்த விருப்பமாக இருப்பதில் யாருக்கும் ஐயம் எழாது.