ஐந்து விரல்களில் அட்ரோபின்

தன்னியக்க நரம்பு மண்டலப் பாடத்தை நடத்தும்போது பரிவு நரம்புகளின் வேலை ஒரு பக்கம், எதிர்ப்பரிவு நரம்புகளின் வேலை மறுபக்கம் என அட்டவணை போடுகிறோம். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிவதற்குள் இரண்டு பக்கமும் இடம் மாறிவிடுகின்றன. அட்ரோபின் என்ற ஒரே பொருளைக் கொண்டு இந்த அட்டவணையை நான் நடத்திவருகிறேன். சாலையோரத்தில் வளரும் ஊமத்தையில் இருப்பதும் அதுவே. கண் மருத்துவர் சொட்டு மருந்தாகத் தருவதும் அதுவே.

பூட்டும் சாவியும்

எதிர்ப்பரிவு நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிப்படுகிறது. உறுப்பின் செல்களில் அதற்கான ஏற்பிகள் உள்ளன. மஸ்கரின் என்னும் காளான் நச்சும் இந்த ஏற்பிகளைத் தூண்டுவதால் இவற்றுக்கு மஸ்கரினிக் ஏற்பிகள் என்று பெயர். ஏற்பியைப் பூட்டு என்றால் அசிட்டைல்கோலின் அதன் சாவி. அட்ரோபின் அதே பூட்டுக்குள் நுழையும். ஆனால் பூட்டைத் திறக்காது. உள்ளே இருக்கும்வரை உண்மையான சாவிக்கும் இடம் தராது. இப்படித் தடுப்பவையே மஸ்கரினிக் எதிர்ப்பிகள்.

ஆகவே மாணவர் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எதிர்ப்பரிவு நரம்பு செய்யும் வேலையை நிறுத்தினால் அந்த உறுப்பு என்ன ஆகும் என்று கேட்டாலே விடை வந்துவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. வியர்வைச் சுரப்பிக்குச் செல்வது பரிவு நரம்பு. ஆனாலும் அது அசிட்டைல்கோலினையே வெளியிடுகிறது. அங்குள்ள ஏற்பியும் மஸ்கரினிக் வகையே. எனவே அட்ரோபின் வியர்வையையும் நிறுத்திவிடும்.

விரல் விட்டு எண்ணுவோம்

கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சொல்.

கட்டைவிரல், வறண்டது: உமிழ்நீர், கண்ணீர், மூச்சுக்குழாய்ச் சளி, வியர்வை ஆகியவை குறையும்.

ஆள்காட்டி விரல், விரிந்தது: கண் பாவை விரியும், வெளிச்சம் கூசும். அருகிலுள்ளதைப் பார்க்க லென்சைத் தடிமனாக்கும் சிலியரி தசையும் செயலிழப்பதால் கிட்டத்து எழுத்து மங்கும். நுரையீரலின் மூச்சுக்கிளைகளும் விரியும்.

நடுவிரல், விரைந்தது: வேகஸ் நரம்பு இதயத்துக்குப் பிடிக்கும் கடிவாளம் தளர்வதால் நாடி வேகமெடுக்கும்.

மோதிர விரல், தேங்கியது: குடலின் அலை இயக்கம் குறைந்து மலம் கட்டும். சிறுநீர்ப்பை சுருங்க முடியாமல் சிறுநீர் தேங்கும்.

சுண்டுவிரல், தடுமாறியது: மூளையிலும் மஸ்கரினிக் ஏற்பிகள் உண்டு. அவை தடைபட்டால் அமைதியின்மை, பிதற்றல், இல்லாததைக் கண்டு பேசுதல் ஆகியவை தோன்றும்.

உடல் கொதிப்பதற்குத் தனி விரல் தேவையில்லை. வியர்வை நின்றால் வெப்பம் வெளியேற வழியில்லை. தோலின் இரத்த நாளங்கள் விரிந்து முகம் சிவக்கும். முதல் இரண்டு விரல்களும் சேர்ந்ததே அது.

இந்த வரிசைக்கு இன்னொரு பயனும் உண்டு. பெரியவருக்கு அரை மில்லிகிராம் அட்ரோபினிலேயே வாய் உலரத் தொடங்கும். 1 முதல் 2 மில்லிகிராமில் பாவை விரிவதும் நாடி விரைவதும் தெரியும். 5 மில்லிகிராம் அளவில் சிறுநீரும் குடலும் தேங்கும். 10 மில்லிகிராமுக்கு மேல் மனம் தடுமாறும். அதாவது விரல்களின் வரிசை ஏறக்குறைய அளவின் வரிசையும் ஆகும். மிகக் குறைந்த அளவில் மட்டும் நாடி விரைவதற்கு முன் சற்றுக் குறையலாம். சளிக்குத் தரும் குளோர்பெனிரமின், வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் டைசைக்ளோமின் போன்ற மருந்துகளுக்கும் இந்தக் குணம் உண்டு. உரிய அளவில் அவை பெரும்பாலும் முதல் ஓரிரு விரல்களோடு நின்றுவிடும். முதியவர்களிடம் கடைசி இரண்டு விரல்களும் எளிதில் வரக்கூடும்.

ஊமத்தை விதையைத் தின்ற சிறுவன்

ஊமத்தையின் முள்காயில் உள்ள விதைகள் பார்வைக்கு மிளகாய் விதை போலவே இருக்கும். அவற்றில் அட்ரோபினோடு ஹையோசயமின், ஸ்கோபோலமின் ஆகியவையும் உண்டு. ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இடைவேளையில் அதை மென்று விழுங்கியதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கேட்பான், விழுங்கத் திணறுவான். பிறகு புத்தகம் தெரியவில்லை என்பான், கண் கூசும். முகம் சிவந்து உடல் சுடும். கடைசியில் உறவற்ற சொற்களைப் பேசி, காற்றில் எதையோ பிடிக்கக் கை நீட்டுவான்.

பயந்துபோன குழந்தைக்கும் பாவை விரியும், நாடி விரையும். வேறுபாட்டை எப்படி அறிவது? அக்குளைத் தொட்டுப் பாருங்கள். பயத்தில் வியர்த்து ஈரமாக இருக்கும். ஊமத்தையில் உலர்ந்து சுடும். மேலே சொன்ன விதிவிலக்கு இங்கேதான் உதவுகிறது.

அந்நிலையில் 108-ஐ உடனே அழைக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. குழம்பிய குழந்தைக்குப் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். வாய்வழி எதுவும் தர வேண்டாம். நிழலில் வைத்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். மீதமுள்ள காயை மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள். குழந்தை சற்றுத் தெளிந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குடல் மெதுவாக இயங்குவதால் விதைகள் உள்ளே தங்கி, நஞ்சு நெடுநேரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

அதே பொருள் மருந்தாகும்போது

கண்ணாடி அளவு பார்க்கச் சில குழந்தைகளுக்கு அட்ரோபின் சொட்டு அல்லது களிம்பு இடுவார்கள். அதன் விளைவு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். அக்குழந்தை கரும்பலகையைப் படிக்கும். கையிலுள்ள புத்தகத்தைப் படிக்க முடியாது. அதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி இதற்கு நேர் எதிர். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது முடக்குகிறது. அசிட்டைல்கோலின் பெருகி வாயும் கண்ணும் ஒழுகும்; பாவை ஊசிமுனையாகும்; நுரையீரல் சளியால் நிரம்பும். அங்கே அட்ரோபின் உயிர் காக்கும் மருந்து. நுரையீரல் ஒலி தெளிந்து, அக்குள் உலர்ந்து, நாடி போதிய அளவு உயரும்வரை மருத்துவர் அளவைக் கூட்டுவார். குடல் ஒலி அடங்கி, காய்ச்சலோடு நோயாளி பிதற்றத் தொடங்கினால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். முதல் மூன்று விரல்கள் வர வேண்டும், கடைசி இரண்டும் வரக்கூடாது என்று மாணவர்களிடம் சொன்னால் போதும்.

வகுப்பில் ஒரு மாணவர் விரலை நீட்டட்டும். அடுத்தவர் சொல்லையும் உறுப்பையும் சொல்லட்டும். மூன்றாமவர் எந்த எதிர்ப்பரிவு வேலை நின்றதால் அப்படி ஆனது என்று விளக்கட்டும். வியர்வை என்று வந்தால், "இது எந்த நரம்பு?" என்று கேளுங்கள். பாடம் புரிந்ததா என்பது அந்த ஒரு விடையில் தெரிந்துவிடும். ஊமத்தையைப் படத்தில் மட்டும் காட்டுங்கள். காயைப் பறித்து வரச் சொல்ல வேண்டாம்.