மாதத்தின் கடைசி நாள் எது?

பீர்க்கன்கரணையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வே ஊழியர். பிறந்த நாள் 1968 மார்ச் 1. பதினோராம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், தந்தை ஓய்வு பெறும் நாளை விரிதாளில் கணக்கிட்டு என்னிடம் காட்டினாள்.

"2028 மார்ச் 31 என்று வருகிறது, சார். அப்பாவோ பிப்ரவரியிலேயே முடிந்துவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?"

ஒரு மாதச் சம்பளம் தொடர்பான கேள்வி இது. விடையைப் படிப்படியாகக் காண்போம்.

மத்திய அரசு ஊழியர் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுகிறார். அடிப்படை விதி 56 அவ்வாறு கூறுகிறது. ரயில்வேயிலும் இதே முறைதான். ஆகவே நமக்கு வேண்டியது ஒரு மாதத்தின் கடைசி நாள். அது 28, 29, 30, 31 என மாறிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க விரிதாளில் EOMONTH என்ற சார்பு உள்ளது. அதற்கு இரண்டு விவரங்கள் தேவை: ஒரு தேதி, அதிலிருந்து எத்தனை மாதம் தள்ளிப் போகவேண்டும் என்ற எண். எண் 0 என்றால் அதே மாதத்தின் கடைசி நாள் கிடைக்கும். 60 ஆண்டுகளுக்கு 60 × 12 = 720 மாதங்கள். அந்த மாணவி எழுதியது இதுதான்:

```
=EOMONTH(DATE(1968,3,1),720)
```

விடை 2028 மார்ச் 31. சார்பு தவறு செய்யவில்லை. கேள்விதான் சற்றுப் பிசகிவிட்டது. மார்ச் 1-ல் பிறந்தவருக்கு 60 ஆண்டுகள் நிறைவது எப்போது? 61-ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்குகிறது. அப்படியானால் 60-ஆம் ஆண்டு அதற்கு முந்திய நாளே முடிந்துவிட்டது அல்லவா? எனவேதான், மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்திய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார் என்று அதே விதி தெளிவாகச் சொல்கிறது. பிறந்த தேதியில் ஒரு நாளைக் கழித்துவிட்டால் போதும்:

```
=EOMONTH(DATE(1968,3,1)-1,720)
```

1968 மார்ச் 1-க்கு முந்திய நாள் பிப்ரவரி 29. அதிலிருந்து 720 மாதம் சென்றால் 2028 பிப்ரவரி. அதன் கடைசி நாள் 29. தந்தை சொன்னதே சரி! மாதத்தின் வேறு எந்தத் தேதியில் பிறந்தவருக்கும் இந்த ஒரு நாள் கழித்தல் மாதத்தை மாற்றாது. ஆகவே ஒரே வாய்பாடு எல்லோருக்கும் பொருந்தும்.

2028 லீப் ஆண்டு என்பது விரிதாளுக்கு எப்படித் தெரிந்தது? விரிதாள் ஒவ்வொரு தேதியையும் ஒரு வரிசை எண்ணாகவே வைத்திருக்கிறது. எந்த மாதமானாலும், அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து ஒன்றைக் கழித்தால் கடைசி நாள் வந்துவிடும். இதை நீங்களே சோதிக்கலாம்:

```
=DATE(2028,3,1)-1
```

இதிலும் பிப்ரவரி 29-தான் வரும். 4-ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு; ஆனால் நூற்றாண்டு ஆண்டுகள் 400-ஆல் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டுகள். எனவே 2000 லீப் ஆண்டு, 2100 அல்ல. 2028-க்குப் பதில் 2100 என்று இட்டுப் பாருங்கள்; பிப்ரவரி 28 வரும்.

ஒரு வேடிக்கை: எக்செல்லில் ஒரு கட்டத்தில் 60 என்று எழுதி, அதைத் தேதி வடிவில் மாற்றினால் 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை! லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாகக் கருதியது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக எக்செல்லும் அந்தப் பிழையை ஏற்றுக்கொண்டது.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. விடை 46812 என்று வந்தால் பதறவேண்டாம். அது 2028 பிப்ரவரி 29-ன் வரிசை எண். கட்டத்தைத் தேதி வடிவுக்கு மாற்றினால் சரியாகிவிடும். இரண்டாவது, 01/03/1968 என்று தட்டினால், அமெரிக்க முறையில் அமைந்த கணினி அதை ஜனவரி 3 என்று படிக்கும். விடை 2028 ஜனவரி 31 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் DATE மூலம் எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை.

ஆனால் இந்தச் சார்புக்கு நம் தமிழ் மாதங்கள் தெரியாது. அவை சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குச் செல்லும் நேரத்தைப் பொறுத்தவை. மார்கழி 29 நாளில் முடிவதும் உண்டு, ஆனி 32 நாள் வருவதும் உண்டு. அதற்குப் பஞ்சாங்கமே துணை.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: 1970 ஜனவரி 1-ல் பிறந்த மத்திய அரசு ஊழியர் எந்த ஆண்டு, எந்த நாளில் ஓய்வு பெறுவார்? முதலில் மனத்தால் கண்டுபிடித்து, பிறகு விரிதாளில் சரிபாருங்கள்.